நாலு கடை, ரெண்டு சராசரி: லாபம் 10 சதவீதமா, 6 சதவீதமா?

கடை வைத்திருக்கும் அப்பாவுக்கு எக்செல் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளும், ஆபீசில் கிளை வாரியாக ரிப்போர்ட் தயாரிப்பவர்களும் அடிக்கடி செய்யும் ஒரு தவறு இருக்கிறது. ஒவ்வொரு கடையின் லாப விகிதத்தையும் கண்டுபிடிப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டி, கடைகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வரும் எண்ணை ‘எங்க பிசினஸின் சராசரி மார்ஜின்’ என்று எழுதிவிடுவார்கள்.

கூட்டலும் வகுத்தலும் சரியாகவே இருக்கும். ஆனால், அந்த எண் மொத்த வியாபாரத்தின் லாப விகிதம் இல்லை. அதை நம்பிக் கடன் வாங்கினால், மாதத் தவணை கட்டும்போதுதான் தவறு தெரியவரும்.

கணக்கு எப்படி மாறுகிறது?

ஒரு கற்பனை உதாரணம். மதுரையில் ஒருவருக்கு நாலு மளிகைக் கடைகள் இருக்கின்றன. வாடகை, சம்பளம், கரன்ட் பில் எல்லாம் போக, ஒரு மாதக் கணக்கு இப்படி வருகிறது:

- மெயின் கடை: விற்பனை 60 லட்சம் ரூபாய், லாபம் 2.4 லட்சம். லாப விகிதம் 4%
- இரண்டாவது கடை: விற்பனை 25 லட்சம், லாபம் 1.5 லட்சம். லாப விகிதம் 6%
- அபார்ட்மென்ட் வாசல் கடை: விற்பனை 10 லட்சம், லாபம் 1.2 லட்சம். லாப விகிதம் 12%
- பஸ் ஸ்டாண்ட் கடை: விற்பனை 5 லட்சம், லாபம் 90 ஆயிரம். லாப விகிதம் 18%

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகள் இதை ஷீட்டில் போடுகிறார். 4, 6, 12, 18. கூட்டினால் 40. நாலால் வகுத்தால் 10. “அப்பா, நமக்கு ஆவரேஜா பத்து பர்சென்ட் நிக்குது” என்று போனில் சொல்கிறார். அப்பாவுக்கும் சந்தோஷம்.

கணக்கு எழுதும் பெரியவருக்கு மட்டும் இடிக்கிறது. “மொத்த விற்பனை ஒரு கோடி. பத்து பர்சென்ட்னா பத்து லட்சம் நிக்கணுமே பாப்பா. நோட்டுல ஆறு லட்சம்தானே இருக்கு?”

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. நாலு கடையின் லாபத்தையும் கூட்டினால் 6 லட்சம். விற்பனையைக் கூட்டினால் 100 லட்சம். 6 லட்சத்தை 100 லட்சத்தால் வகுத்தால் 6%. கையில் நிற்பது இதுதான்.

மகள் போட்டது ‘விகிதங்களின் சராசரி’. பெரியவர் போட்டது ‘சராசரிகளின் விகிதம்’. அதாவது, ஒரு கடைக்குச் சராசரி லாபம் 1.5 லட்சம், சராசரி விற்பனை 25 லட்சம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் அதே 6%. மொத்தத்தை மொத்தத்தால் வகுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

10 சதவீதம் எங்கிருந்து வந்தது?

நாலால் வகுக்கும்போது நாலு கடைக்கும் ஒரே எடை கொடுக்கப்படுகிறது. 60 லட்சம் விற்கும் மெயின் கடைக்கும் ஒரு ஓட்டு, 5 லட்சம் விற்கும் பஸ் ஸ்டாண்ட் கடைக்கும் ஒரு ஓட்டு. ஆனால் கல்லாவில் விழும் நூறு ரூபாயில் 60 ரூபாய் மெயின் கடையிலிருந்து வருகிறது. பஸ் ஸ்டாண்ட் கடையிலிருந்து வருவது 5 ரூபாய்தான். 18% என்ற பெரிய எண் அந்த 5 ரூபாய்க்கு மட்டுமே பொருந்தும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு மேட்சில் ஒரே பந்தைச் சந்தித்து சிக்ஸர் அடித்தால் ஸ்ட்ரைக் ரேட் 600. அடுத்த மேட்சில் 60 பந்தில் 60 ரன் என்றால் 100. இரண்டுக்கும் சராசரி 350 என்று யாரும் சொல்வதில்லை. மொத்தம் 66 ரன், 61 பந்து. ஸ்ட்ரைக் ரேட் சுமார் 108. ரன்னுக்குப் பந்து எப்படியோ, லாபத்துக்கு விற்பனை அப்படி.

இரண்டு விடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வரும் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இந்த உதாரணத்தில் பெரிய கடையில் மார்ஜின் குறைவு. அரிசி, எண்ணெய், சர்க்கரை என்று அதிகம் விற்று, கொஞ்சமாக லாபம் பார்க்கும் கடை அது. சின்னக் கடைகளில் மார்ஜின் அதிகம். இப்படி இருந்தால் சாதாரண சராசரி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். பெரிய கடையில்தான் மார்ஜினும் அதிகம் என்றால், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கடையின் அளவுக்கும் மார்ஜினுக்கும் தொடர்பே இல்லையென்றால் மட்டும் இரண்டு விடையும் ஏறக்குறைய ஒன்றாக வரும்.

இதில் என்ன ஆபத்து?

அப்பாவுக்கு ஒரு குடோன் எடுத்து, மாத விற்பனையை 1.5 கோடியாக்கும் திட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கடனுக்கு மாதத் தவணை 3.5 லட்சம்.

10% என்று நம்பினால், கூடுதலாக விற்கும் 50 லட்சத்தில் 5 லட்சம் நிற்கும். தவணை போக ஒன்றரை லட்சம் மிச்சம். உண்மையான 6% என்றால் நிற்பது 3 லட்சம். மாதாமாதம் 50 ஆயிரம் ரூபாய் கைக்காசு போட வேண்டும். அந்தக் கூடுதல் விற்பனை முழுவதும் 4% மார்ஜின் உள்ள மெயின் கடையிலேயே நடந்தால், 2 லட்சம்தான் வரும். பள்ளம் ஒன்றரை லட்சமாகிவிடும். ஷீட்டில் ஒரு செல்லில் இருந்த தவறு, வீட்டு நகையை அடகுக் கடைக்கு அனுப்பும் அளவுக்குப் போய்விடுகிறது.

புதுக் கடை திறந்தால்?

ஐந்தாவதாக ஒரு கடை மாதக் கடைசியில் திறக்கிறது. நாலைந்து நாளில் விற்பனை 20 ஆயிரம். வாடகை, சம்பளம் கொடுத்ததில் நஷ்டம் 60 ஆயிரம். அந்தக் கடையின் லாப விகிதம் மைனஸ் 300%.

இப்போது ஐந்து கடைக்குச் சாதாரண சராசரி போட்டால் மைனஸ் 52% வரும். நல்லா ஓடும் வியாபாரம் திவாலாகிவிட்டது போல இருக்கும். மொத்தக் கணக்கில் லாபம் 5.4 லட்சம், விற்பனை 100.2 லட்சம், விகிதம் சுமார் 5.4%. நடந்தது அவ்வளவுதான்.

விற்பனையே தொடங்காமல் வாடகை மட்டும் போன கடை என்றால் எக்செல் `#DIV/0!` காட்டும். பலரும் அந்த வரியையே அழித்துவிடுவார்கள். சராசரி உடனே அழகாகிவிடும். கட்டிய வாடகை மட்டும் கணக்கிலிருந்து காணாமல் போகும்.

ஷீட்டில் எதை மாற்ற வேண்டும்?

விற்பனை B காலத்திலும், லாபம் C காலத்திலும், லாப விகிதம் D காலத்திலும் இருந்தால், தவறு நடக்கும் இடம் இது:

```
=AVERAGE(D2:D5)
```

மொத்த வியாபாரத்துக்குப் போட வேண்டியது இது:

```
=SUM(C2:C5)/SUM(B2:B5)
```

லாபத் தொகை கையில் இல்லாமல் விற்பனையும் சதவீதமும் மட்டும் இருந்தால், விற்பனையை எடையாக வைத்துக் கணக்கிடலாம். இதிலும் 6% தான் வரும்:

```
=SUMPRODUCT(B2:B5,D2:D5)/SUM(B2:B5)
```

வேறொருவர் சதவீதத்தை மட்டும் அனுப்பியிருந்தால், பெரியவர் செய்ததைச் செய்தால் போதும். அந்தச் சதவீதத்தை மொத்த விற்பனையால் பெருக்க வேண்டும். வரும் தொகை மொத்த லாபத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், அது தவறான சராசரி.

அப்படின்னா சாதாரண சராசரியே வேண்டாமா?

அப்படியும் இல்லை. கேள்வியைப் பொறுத்தது. நாலு கடையும் நாலு தனித்தனி உரிமையாளர்களுடையது, ‘இந்த மாதிரி கடை வைத்தால் ஒருவருக்கு என்ன மார்ஜின் கிடைக்கும்’ என்பது கேள்வி என்றால், ஒவ்வொரு கடையையும் ஒன்றாக எண்ணுவது நியாயம்தான். கடை மேனேஜர்களின் வேலையை ஒப்பிடும்போதும் அப்படித்தான். அப்போதும் மைனஸ் 300 போன்ற ஒரு எண் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடும் என்பதால், வரிசைப்படுத்தி நடுவில் வரும் மதிப்பைப் பார்ப்பது பாதுகாப்பு. நாலு கடை உதாரணத்தில் 6-க்கும் 12-க்கும் நடுவே, அதாவது 9%.

மொத்த விகிதத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அடுத்த ஆண்டு நாலு கடையிலும் மார்ஜின் அரை சதவீதப் புள்ளி கூடுகிறது. மெயின் கடையின் விற்பனை மட்டும் 160 லட்சமாகிறது, மற்றவை அப்படியே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், மொத்த லாபம் 11 லட்சம், மொத்த விற்பனை 200 லட்சம். விகிதம் 5.5%. ஒவ்வொரு கடையும் முன்னேறியிருக்கிறது, லாபமும் 5 லட்சம் கூடியிருக்கிறது. ஆனாலும் மொத்த விகிதம் 6-லிருந்து இறங்கிவிட்டது. குறைந்த மார்ஜின் கடையின் பங்கு கூடியதுதான் காரணம். இதைப் பார்த்து மெயின் கடை மேனேஜரைத் திட்டினால், தவறு திட்டுபவர் மேல்தான்.

ஆகவே கடன், தவணை, பங்கு, முதலீடு என்று பணம் கைமாறும் எந்தப் பேச்சிலும் மேசைக்கு வர வேண்டியது மொத்த லாபத்தை மொத்த விற்பனையால் வகுத்த எண்தான். பக்கத்திலேயே கடை வாரியான பட்டியலும் இருக்க வேண்டும். ‘சராசரி மார்ஜின் 10%’ என்று ஒற்றை வரியில் யாராவது எழுதிக் கொடுத்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “மொத்த விற்பனை எவ்வளவு, மொத்தமா கையில நின்னது எவ்வளவு?”