பயறு தருவதும் கொண்டுபோவதும்

சுன்னாகத்துக்கு அயலிலுள்ள கமக்கார அன்பர் ஒருவர் நமக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழக்கையே தொடுத்திருக்கிறார். நாலு பரப்புச் செம்மண் தோட்டத்தில் உருளைக்கிழங்கு கிண்டியபின், சித்திரை மழையோடு பயறு விதைத்தாராம். ஆனி மாதத்தில் நெற்றுப் பறித்து, செடிகளை வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு, அதே நிலத்தில் வெங்காயம் நட்டிருக்கிறார். பயறு நிலத்துக்கு நைதரசனைத் தரும் என்று படித்த நம்பிக்கையில் யூரியாவை அறவே நிறுத்திவிட்டாராம். வெங்காயத் தாள் வெளிறி மஞ்சளாயிற்று. "புத்தகம் பொய் சொல்லிற்றா, நிலம் பொய் சொல்லிற்றா?" என்பது அவர் வினா.

இரண்டும் பொய் சொல்லவில்லை. ஆனால் புத்தகம் ஒரு பாதியைத்தான் சொல்லியிருக்கிறது. மற்றப் பாதியை இவ்வாரம் பார்ப்போம்.

காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு நைதரசனே. ஆயினும் பயிர் அதனை நேரே உண்ண மாட்டாது. அவரைக் குடும்பத்துச் செடிகளோ ஒரு கூட்டாளியின் துணையால் அதனைப் பெறுகின்றன. இதனை 1886 ஆம் ஆண்டில் ஜேர்மன் அறிஞர் ஹெல்ரீகல் வெளியிட்டார். 1888 இல் ஒல்லாந்து அறிஞர் பெய்யரிங்க் அந்தக் கூட்டாளியாகிய பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். றைசோபியம் என்பது அவ்வினத்தின் பெயர். பயற்றின் வேர் மண்ணிலே ஒருவகைப் பொருளைக் கசியவிட, அதனை உணர்ந்த பற்றீரியா வேர்மயிரின் வழியே உட்புகுகிறது. அவ்விடத்தில் வேர் ஒரு சிறு முடிச்சாகப் பருக்கிறது. அதனுள்ளே காற்றின் நைதரசன் செடிக்கு உதவும் வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. அதற்குக் கூலியாகச் செடி தன் இலையில் ஆக்கிய வெல்லத்தைக் கொடுக்கிறது.

கூலி சிறிதன்று. ஆகையால் மண்ணிலேயே நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி இக்கூட்டாளியைத் தேடுவதில்லை. முடிச்சுகள் தோன்றா, தோன்றினும் சோம்பிக் கிடக்கும். உருளைக்கிழங்குக்கு எருவும் யூரியாவும் தாராளமாக இடுவது நம் தோட்டங்களின் வழக்கம். அந்த மிச்சத்தின்மேல் நின்ற பயறு காற்றை நாடாமல் மண்ணையே உண்டிருக்கும். அன்பரின் கணக்கு முதலிற் பிழைத்தது இங்கே.

இதனை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. விதைத்து முப்பத்தைந்து நாளளவில் நாலைந்து செடிகளை மண்ணோடு தோண்டி, நீரில் அலசிப் பாருங்கள். முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாயிருக்க வேண்டும். நம் இரத்தத்துக்கு நிறந்தரும் ஈமோகுளோபினை ஒத்த ஒரு பொருளே அச்சிவப்பு. ஒட்சிசன் மிகுந்து முடிச்சின் வேலையைக் கெடுக்காதபடி அது காக்கிறது. உள்ளே வெள்ளையாயின் முடிச்சு இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது பயனற்றது. பச்சையாகவோ கபிலமாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்தது. ஓர் எச்சரிக்கையும் உண்டு. புகையிலையும் மிளகாயும் பலகாலம் செய்த நிலங்களில் நூற்புழுவினாலும் வேர் வீங்கும். உண்மையான முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரலால் உருட்டினால் உதிரும். புழுவின் வீக்கமோ வேரே தடித்தது, உதிராது.

இனி இரண்டாவது கணக்கு. நாலு பரப்பில் நூறு கிலோ பயறு கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். பயற்றில் நூற்றுக்கு 24 பங்களவு புரதம்; புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைதரசன். ஆகவே அந்த நூறு கிலோ மணியோடு நாலு கிலோ நைதரசன் தோட்டத்தை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. எஞ்சியது இலையிலும் தண்டிலும் இருந்தது. அதுவும் தொழுவத்துக்குப் போயிற்று. மாட்டெரு அதே நிலத்துக்குத் திரும்பினாலன்றி, பயறு தந்ததைவிடக் கொண்டுபோனதே அதிகமாயிருக்கலாம். வெங்காயம் வெளிறியதில் வியப்பில்லை.

நிலத்துக்கே கொடுக்க வேண்டுமாயின், மணிக்காக அல்லாமல் மண்ணுக்காகவே ஒரு பயிரை வளர்க்க வேண்டும். நம் நாட்டில் அதற்கு வாய்த்தது சணல். குழை தாழ்க்கும் வழக்கமுடைய நமக்கு இது புதிதன்று. வேலியிற் குழை வெட்டிச் சுமப்பதற்குப் பதிலாகத் தோட்டத்திலேயே குழையை விளைவிக்கிறோம். வேர்வீக்க நூற்புழு சணலிற் பெருக முடியாதென்பது மற்றொரு நன்மை.

ஐப்பசி முதல் வாரத்து ஈரத்தில் பரப்புக்கு ஒரு கிலோ விதை தூவுங்கள். மார்கழி முற்பகுதியில் முதற் பூக்கள் தோன்றும்போதே வெட்டி மண்ணோடு புரட்டுங்கள். காய்க்க விட்டால் தண்டு நாராகி, மக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனையும் சிறிதுகாலம் பிடித்துவைத்துக்கொள்ளும். இரு வாரம் மக்கவிட்டுத் தைப்பொங்கலை ஒட்டி வெங்காயம் நடலாம். நன்கு வளர்ந்த சணல் பரப்புக்கு 400 கிலோ பச்சைக் குழை தரும்; அதில் இரண்டு கிலோவளவு நைதரசன் இருக்கும். அதுவும் முழுவதும் காற்றிலிருந்து வந்ததன்று. முதற்பயிருக்குக் கிடைப்பதும் ஏறக்குறையப் பாதியே. ஆகவே பரப்புக்கு இரண்டு கிலோ யூரியாவைக் குறைக்கலாம், முழுவதையும் நிறுத்தலாகாது.

இக்காலத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் கிணறும் ஒரு காரணம். மண்ணில் எஞ்சும் நைதரசன் நைத்திரேற்றாக மாறி, மாரி மழையோடு கீழிறங்கும். நம் செம்மண் அதனைப் பிடித்துவைப்பதில்லை. அடியிலுள்ள சுண்ணக்கல்லோ வெடிப்புகள் நிறைந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் அதனைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நீரிற் கரைத்த பால்மாவு கைக்குழந்தையின் இரத்தத்தில் ஒட்சிசன் செல்வதைத் தடுக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைப்பதாலும் நைத்திரேற்று நீங்காது. மாரி முழுதும் தோட்டத்தில் நிற்கும் சணல் மண்ணிலுள்ள நைத்திரேற்றைத் தன் உடலில் வாங்கி வைத்திருக்கும். அதே சணலைப் பெருமழைக்கு முன்னரே புரட்டினால், அது மக்கி விடுவிப்பதும் கிணற்றுக்கே போகும்.

வெங்காயம் கிளப்பியபின் நிலத்தில் உரம் எஞ்சியிருக்கும். அங்கே பயறு விதைப்பது முன்சொன்ன பிழையையே மறுபடி செய்வதாகும். அந்த மிச்சத்தை உண்ணக் குரக்கன் விதைக்கலாம். அவ்வாறு நைதரசன் குறைந்த நிலத்தில் அடுத்த ஐப்பசியில் விதைக்கும் சணல் செம்மையாக முடிச்சுக் கட்டும். பயற்றையும் உழுந்தையும் நெல் அறுத்த வயலின் ஈரத்தில் விதைக்கலாம். அங்கே மிச்ச உரம் குறைவு. நெற்றைப் பறித்தபின் செடியை அங்கேயே மடக்கி உழுதால் வயலுக்கும் ஒரு பங்கு கிட்டும்.

2021 ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டபோது கமக்காரர் பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை. சணலைப் பற்றிக் கூறியதை அத்தகைய திடீர் நிறுத்தத்துக்கு வாதமாக எவரும் கொள்ளலாகாது. அன்பருக்கு நாம் சொல்வது இது: வரும் ஐப்பசியில் இரண்டு பரப்பில் மாத்திரம் சணல் விதையுங்கள். தை மாதத்தில் நாலு பரப்பிலும் வெங்காயம் நட்டு, சணல் தாழ்த்த பக்கத்தில் பரப்புக்கு இரண்டு கிலோ யூரியாவைக் குறையுங்கள். இரு பக்கத்து விளைச்சலையும் தனித்தனியே நிறுத்து நமக்கு எழுதுங்கள்.