'வாடகையில்லா வீடு' என்னும் கற்பிதம்: பெங்களூரு லீசின் உண்மை விலை

பெங்களூருவில் வீடு தேடும் ஆய்வு மாணவர்களிடமும் இளம் ஆசிரியர்களிடமும் தரகர்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "லீசுக்கு எடுத்தால் வாடகையே கிடையாது; போட்ட பணம் அப்படியே திரும்பி வந்துவிடும்." கன்னடத்தில் 'போக்ய' என்றும், தமிழில் போக்கியம் அல்லது ஒத்தி என்றும் வழங்கும் பழைய வழக்கத்தின் நகர வடிவம் இது. ஒரு பெருந்தொகையை உரிமையாளரிடம் கொடுத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையை வட்டியின்றித் திரும்பப் பெறுவது இதன் ஏற்பாடு. தரகரின் வாக்கியத்தில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. வாடகை கிடையாது என்பது முதற்பொய். பணம் திரும்புவது உறுதி என்பது இரண்டாவது பொய், முதலாவதைவிடக் கொடியது.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டு படுக்கையறை வீடு ஒன்று. மாத வாடகைக்கு எடுத்தால் 25,000 ரூபாயும், முன்பணமாக 1,50,000 ரூபாயும். லீசுக்கு எடுத்தால் மூன்றாண்டுகளுக்கு 20,00,000 ரூபாய், வாடகை இல்லை. குடியிருப்பவரிடம் சேமிப்பாக 8 லட்சம் உண்டு. மீதி 12 லட்சத்தை 14 விழுக்காட்டு வட்டியில் தனிநபர் கடனாகப் பெறுகிறார் என்று கொள்வோம்.

சேமிப்பு 7 விழுக்காட்டு வைப்புநிதியில் இருந்திருந்தால், 20.8 விழுக்காட்டு வருமான வரி போக 5.544 விழுக்காடு கையில் நின்றிருக்கும். 8 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 44,352 ரூபாய். கடனுக்கான வட்டி 1,68,000 ரூபாய். ஆக, 'வாடகையில்லா' வீட்டின் ஆண்டுச் செலவு 2,12,352 ரூபாய், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 17,700. வாடகை வீட்டின் ஆண்டுச் செலவு 3,00,000 ரூபாயும், முன்பணம் இழக்கும் வட்டி 8,316 ரூபாயும். லீசில் ஆண்டுக்கு 95,964 ரூபாய் மிச்சம்.

இந்த இடத்தில் சிலர் பணவீக்கத்தையும் தனியே கழிப்பார்கள்: மூன்றாண்டு கழித்து வரும் 20 லட்சத்தின் மதிப்பு குறைந்திருக்குமே என்பது அவர்கள் வாதம். அது இரட்டைக் கணக்கு. வைப்புநிதியின் 7 விழுக்காட்டிலும் கடனின் 14 விழுக்காட்டிலும் பணவீக்கத்துக்கான ஈடு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வட்டியைச் செலவாக எழுதிய பிறகு பணவீக்கத்தை மீண்டும் எழுதக் கூடாது. மறுபுறம், விட்டுப்போகும் செலவு ஒன்றும் உண்டு. பழைய வரிமுறையில் இருக்கும் சம்பளக்காரர் வாடகை கொடுத்தால் வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்குப் பெறுவார். வாடகையே கொடுக்காத லீசில் அவ்விலக்கு இல்லை. அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாயாக இருந்து, படியும் போதிய அளவு வந்தால், இந்த எடுத்துக்காட்டில் அந்த இழப்பு மட்டுமே ஆண்டுக்கு 47,424 ரூபாய். மிச்சத்தில் பாதி அதிலேயே கரைந்துவிடும். புதிய வரிமுறைக்கு மாறியவருக்கும், அப்படியே பெறாத மாணவருக்கும் இது பொருந்தாது.

அவ்விலக்கு இல்லாதவருக்கேனும் 95,964 ரூபாய் மிச்சம்தானே, லீசு நல்லதுதானே என்று முடிவுக்கு வரலாம். பெரும்பாலான கணக்குகள் இங்கேதான் நிற்கின்றன. அவற்றின் பிழையும் இங்கேதான் இருக்கிறது. எந்த மிச்சமும் யாரோ ஒருவர் கொடுப்பதுதான். உரிமையாளர் ஏன் கொடுக்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். கூடுதலாகக் கைக்கு வரும் 18.5 லட்சத்துக்காக ஆண்டுக்கு 3 லட்சம் வாடகையை அவர் கைவிடுகிறார். அது 16.2 விழுக்காட்டு வட்டி. வாடகைக்கு 30 விழுக்காட்டு அடுக்கில் கட்டியிருக்க வேண்டிய வரியைக் கழித்தாலும் ஏறத்தாழ 12.7 விழுக்காடு வருகிறது. சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்தால் இதைவிடக் குறைந்த வட்டியில் கடன் பெறக்கூடியவர், குடியிருப்பவரிடம் ஏன் இந்த விலைக்குக் கடன் வாங்குகிறார்? வங்கி அவருக்குக் கொடுக்காது, அல்லது கொடுக்கக்கூடியதை ஏற்கெனவே கொடுத்துவிட்டது என்பதே பெரும்பாலும் விடை. லீசுத் தொகை என்பது வங்கி மறுத்த ஒருவருக்கு, ஈடு ஏதுமின்றி, சேமிப்பையெல்லாம் திரட்டிக் கொடுக்கும் கடன். மிச்சமாகத் தெரியும் தொகை அந்த ஆபத்துக்கான கூலி.

அந்தக் கூலி போதுமா என்பதே உண்மையான கேள்வி. மூன்றாண்டு மிச்சம் 2,87,892 ரூபாய். 20 லட்சத்தில் இது 14.4 விழுக்காடு. முழுத்தொகையும் மூழ்கும் வாய்ப்பு ஏழில் ஒன்றை எட்டினால் லீசின் ஆதாயம் முற்றிலும் அழிந்துவிடும். தொகை மூழ்க வேண்டும் என்பதுகூட இல்லை. காலம் முடிந்து வீட்டைக் காலிசெய்தவருக்குப் பணம் ஆறு மாதம் தாமதமானால், அந்த அரையாண்டு வட்டிச்சுமை மட்டுமே 1,06,176 ரூபாய். ஓராண்டு மிச்சத்தைவிட அதிகம். "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்ற சொல் தாமதத்தின் முன்னறிவிப்பு. பழைய தொகை செலவாகிவிட்டது, புதியவரின் பணத்தால்தான் பழையவரின் கடன் அடையும் என்பதே அதன் பொருள்.

சட்டமும் குடியிருப்பவருக்குத் துணைநிற்பதில்லை. வீடு முன்பே வங்கியில் அடமானத்தில் இருந்தால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு உரிமையாளரின் குத்தகை அதிகாரத்துக்கு வரம்பிடுகிறது: அடமானப் பத்திரம் வேறாகச் சொல்லாதவரை, நியாயமாகக் கிடைக்கக்கூடிய சிறந்த வாடகைக்கே விட வேண்டும், முன்கூட்டி வாடகையோ முற்பணப் பரிசமோ பெறக் கூடாது. வாடகையே இல்லாத லீசு இந்த வரம்புக்குள் எவ்வாறு அடங்கும்? வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும் நாளில் குடியிருப்பவரின் நிலை மிக மெலிந்ததாகவே இருக்கும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்று அதே சட்டத்தின் 107ஆம் பிரிவு சொல்ல, மூன்றாண்டு ஏற்பாட்டைப் பதினொரு மாத ஒப்பந்தமாக எழுதி முத்திரைத்தாளில் முடித்துவிடுகிறார்கள். இடைத்தரகு நிறுவனம் உரிமையாளரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அதையே லீசுக்கு விடும் வகை இன்னும் மோசமானது. நிறுவனம் வாடகை செலுத்துவதை நிறுத்திய மாதம், தொகை முழுவதும் கொடுத்தவர் உரிமையாளரின் முன் பாக்கிதாரராக நிற்பார்.

ஆகவே கணக்கைக் கீழ்க்கண்ட வரிசையில்தான் போட வேண்டும். முதலில், வாடகையைக் கூடுதல் தொகையால் வகுத்து உரிமையாளர் கொடுக்கும் வட்டியைக் காண வேண்டும். அது வங்கி வட்டியைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறதோ அவ்வளவு ஐயம் கொள்ள வேண்டும். அடுத்து வில்லங்கச் சான்றிதழையும், ஆவண ஒப்படைப்பால் ஏற்படும் அடமானங்களுக்காகச் செர்சாய் பதிவகத்தையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் வீட்டு உரிமையாளரோடு நேரடியாகவும் பதிவு செய்யப்பட்டும் இருக்க வேண்டும். தொகை வங்கி வழியே செல்ல வேண்டும். திரும்பி வரும்வரை சாவியை ஒப்படைக்கக் கூடாது. இவற்றில் ஒன்றுக்கு உரிமையாளர் மறுத்தாலும் மாத வாடகையே மலிவு. இடைப்பட்ட பேரங்களுக்கும் இதே அளவுகோல்தான்: மேற்கண்ட குடியிருப்பவருக்கு முன்பணத்தில் கூடும் ஒவ்வொரு லட்சமும், சேமிப்பான 8 லட்சம் வரை மாதம் 462 ரூபாயும், அதற்கு மேல் கடனிலிருந்து வருவது ஏறத்தாழ 1,167 ரூபாயும் செலவு. வாடகை அதைவிடக் கணிசமாகக் குறையாவிட்டால், அவர் ஆபத்தை இலவசமாகச் சுமக்கிறார்.

மாதம் 25,000 ரூபாய் கொடுப்பவர் மோசமான உரிமையாளரிடம் இழக்கக்கூடியது முன்பணம் 1,50,000 மட்டுமே. லீசுக்காரர் இழக்கக்கூடியது தம் சேமிப்பு முழுவதையும். அதன்மேல் 12 லட்சம் கடனும் எஞ்சும். இந்த வேறுபாட்டை எழுதாமல் 'வாடகை மிச்சம்' என்று மட்டும் எழுதும் கணக்கு, ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டுக் காட்டும் பேரேடு.