செல்லுபடியாகாதது யாருடைய பெயர்?

இணையப் படிவத்தில் தமிழில் பெயர் அடித்தால் சிலவேளை "செல்லுபடியாகாத பெயர்" எண்டு சிவப்பில வரும். நாமும் பேசாம ஆங்கிலத்துக்கு மாறிடுவம். ஏன் மாற வேண்டும்? அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ரெஜெக்ஸைத்தான் மாற்ற வேண்டும்.

பைதனில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
re.findall(r'\w+', 'மட்டக்களப்பு')
['மட', 'டக', 'களப', 'ப']
```

ஊர் நாலு துண்டாகி விட்டது. `\w` எழுத்துகளையும் எண்களையும் ஏற்கும். புள்ளியையும் உகரக் குறியையும் எழுத்தாகக் கணக்கெடுக்காது. ஜாவாஸ்கிரிப்டில் `\w` ஒரு தமிழ் எழுத்தையும் ஏற்காது.

"சரி, தமிழ் வரம்பைக் கொடுத்தால் போதும்தானே?" என்று அவசரத்தில் எழுதுவது இப்படி இருக்கும்:

```
([\u0B80-\u0BFF]+ ?)+
```

இது இன்னும் மோசம். ௧௨௩ என்ற தமிழ் எண்ணையும், தனியே நிற்கும் புள்ளியையும் பெயர் என்று ஏற்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, உள்ளேயும் ஒரு `+`, வெளியேயும் ஒரு `+` இருப்பது. நடுவில் இடைவெளி கட்டாயமில்லை என்பதால், ஒரே சொல்லை எத்தனை விதமாகவும் பிரிக்கலாம். முப்பது 'ம' அடித்து, கடைசியில் `1` போடுங்கள். பொருந்தாது என்று சொல்லுமுன் 53 கோடிக்கு மேற்பட்ட பிரிப்புகளை அது முயன்று பார்க்கும். ஒரு எழுத்து கூடினால் நேரம் இரட்டிக்கும். 20, 22, 24 எழுத்துக்கு நேரம் எடுத்துப் பாருங்கள்; ஒவ்வொரு முறையும் நாலு மடங்கானால் இதுதான் நோய். சரியான பெயர்களை மட்டும் கொடுத்துச் சோதிப்பவருக்கு இது கண்ணிலேயே படாது. 2019 ஜூலை 2ஆம் திகதி கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தை அரை மணித்தியாலம் அளவுக்கு முடக்கியதும் இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கித் தேடிய ஒரு ரெஜெக்ஸ்தான்.

இப்படி எழுதலாம்:

```
W = r'[\u0B83-\u0BB9][\u0B83-\u0BB9\u0BBE-\u0BCD]*'
re.fullmatch(W + r'(?:(?:\. ?| )' + W + ')*', name)
```

சொல் எழுத்தில்தான் தொடங்கும். குறிகள் பிறகு வரும். இரு சொற்களுக்கிடையே புள்ளியோ இடைவெளியோ கட்டாயம், ஆகவே பிரிக்க ஒரே வழிதான். "க. சிவகுமார்" உள்ளே வரும், ௧௨௩ வராது. வரம்பை `0B85` இல், அதாவது அகரத்தில் தொடங்கினால் ஆய்தம் வெளியே போகும். 'ஃபாத்திமா' என்று எழுதும் காத்தான்குடிப் பெண்ணின் பெயர் செல்லாது. `fullmatch` க்குப் பதில் `match` உம் `$` உம் போட்டால், கடைசியில் ஒட்டிய வரிமுறிவும் உள்ளே நுழையும்.

இதுவும் முழுமையில்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய பெயரை இது தள்ளிவிடும். அதனால என்ட கட்சி இதுதான்: படிவம் வெளியே போகுமுன் மட்டக்களப்பு, ஃபாத்திமா, க. சிவகுமார், வெறும் பெட்டி, முப்பது 'ம'வும் ஒரு `1`உம் என்ற ஐந்தையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்யாதவர் எங்கட பெயரைப் பிழை எண்டு சொல்ல உரிமையில்லாதவர்.