விடை தப்பு... ஆனால் கணக்கு முழுக்கத் தப்பா?

வீட்டுக்கணக்கு நோட்டைத் திறந்ததும் நம்மில் பலர் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான். விடை ஒத்துப்போகவில்லை என்றால் மொத்தத்துக்கும் ஒரு பெரிய பெருக்கல் குறி. தப்பு எங்கே நடந்தது என்பது பிள்ளைக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

எரியோட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயி அய்யலூர் சந்தைக்கு 18 பெட்டி தக்காளி கொண்டுபோகிறார். பெட்டிக்கு 14 கிலோ. அதில் 12 கிலோ அழுகல். மீதியைக் கிலோ 25 ரூபாய்க்கு விற்கிறார். விற்ற பணத்தில் கமிஷன் 10 சதவிகிதம், வண்டி வாடகை 650 ரூபாய். கையில் மிஞ்சுவது எவ்வளவு?

அவள் எழுதியது இது:

18 × 14 = 152
152 − 12 = 140
140 × 25 = 3500
கமிஷன் 350; 3500 − 350 = 3150
3150 − 650 = 2500

சரியான விடை 4750. ஆனால் 2500 என்று முழுசாக வந்ததால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்போது கீழிருந்து மேலே போவோம். 2500-உடன் வாடகை 650-ஐக் கூட்டினால் 3150. கமிஷன் போக 90 சதவிகிதம் 3150 என்றால் மொத்தம் 3500. அதை 25-ஆல் வகுத்தால் 140. அழுகல் 12-ஐச் சேர்த்தால் 152. இதுவரை எல்லாம் சரி. ஆனால் 152-ஐ 14-ஆல் வகுத்தால் 18 பெட்டி வரவேண்டும். வருவதோ 10 பெட்டி, மீதி 12 கிலோ. மாட்டிக்கொண்டது!

72-உடன் 180-ஐக் கூட்டும்போது, 7-உம் 8-உம் 15 என்று 5 போட்டவள், மீதி 1-ஐச் சேர்க்க மறந்துவிட்டாள். 252 என்பது 152 ஆகிவிட்டது. ஐந்து வரியில் தப்பு ஒன்றுதான். மற்ற நான்கும் அந்தத் தப்பான எண்ணை வைத்துச் சரியாகவே போட்டவை. அந்த ஒரு வரியை மட்டும் வட்டமிட்டுக் காட்டினால் போதும்.

இப்படித் தலைகீழாகப் போவது புதிதல்ல. 499-ல் ஆர்யபடர் எழுதிய ‘ஆர்யபடீய’த்திலேயே இருக்கிறது: கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும்.

ஒன்றை மட்டும் இந்த முறை பிடிக்காது. 6000 ரூபாயில் வாடகையை முதலில் கழித்துவிட்டு, மீதி 5350-க்குக் கமிஷன் போட்டால் விடை 4815. தலைகீழாகப் போனாலும் அது கச்சிதமாக 18 பெட்டியில்தான் வந்து நிற்கும். ஆனால் கணக்கில் இருப்பது ‘விற்ற பணத்தில் கமிஷன்’. அந்த 65 ரூபாய் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, கேள்வியைத்தான் மறுபடி வாசிக்க வேண்டும்.