திகதியை விடுங்கள், மணித்தியாலத்தை எண்ணுங்கள்

'நாளுக்கொரு வீடியோ' என்று கலண்டர் போடுறது தனி ஆளுக்குச் சரிவராது. முதலில் நேரத்தை எண்ண வேண்டும்.

கெம்பஸ் படிப்புக்கிடையில் கிழமைக்கு 4 மணித்தியாலம் கிடைக்குது என்று வைப்போம். மருதமுனைக் கைத்தறி பற்றி 3 நிமிட வீடியோ செய்ய, படமெடுக்க 2, எடிட்டுக்கு 4, எழுத 1 என 7 மணித்தியாலம் போகும். அங்கேயே எடுத்த போட்டோக்களை வைத்து ஒரு சிறு பதிவு போட இன்னும் 1. ஆக, இரண்டு கிழமை முடிந்துவிட்டது. மாதத்துக்கு இரண்டு வீடியோ, இரண்டு போட்டோப் பதிவு. அதற்கு மேல் ஏலாது.

முதல் வீடியோவைப் போன மாதமே முடித்து வையுங்கள். கையிருப்பில் ஒன்றும் இல்லாத கிழமை வந்தால் திட்டம் பெரிசு என்று அர்த்தம். ஒரு வீடியோவைக் குறையுங்கள்.

நோன்பு 29ஆ 30ஆ என்று பிறைதான் சொல்லும். பெருநாள் பதிவைத் திகதி போடாமல் தயாராக வையுங்கள்.