முதுகோரத்தில் மறையும் நாள்கள்: நீலகிரித் தோட்டக் கணக்கேடுகளைப் படமெடுத்தல் குறித்து

முன்னுரை

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களின் சமூக வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு அறிக்கைகளையும் பயணக் குறிப்புகளையும்விட நெருக்கமான சான்று, தோட்ட அலுவலகத்தில் நாள்தோறும் எழுதப்பட்ட கணக்கேடு ஆகும். செக்ரோல் எனப்படும் வருகைப் பேரேடு, சம்பளப் பேரேடு, முன்பணக் கணக்கு ஆகியவை இவ்வகையின. தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம் 1893இல் தோன்றுவதற்கு முன்பே இம்மலையில் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. 1964ஆம் ஆண்டின் இந்திய - இலங்கை ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியோர்க்கு வேலை அளிக்க 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களும் பின்னர் இவற்றோடு சேர்ந்தன. இத்தகைய நிறுவனங்களின் ஏடுகளைப் படமாக்கி, அவற்றிலுள்ள எண்களை அட்டவணையாகப் பெயர்த்தெடுக்கும் முயற்சியில் ஒரு பிழை பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. கட்டிய ஏட்டின் பக்கம் முதுகுத் தையலை நெருங்கும்போது வளைந்து உள்ளிறங்குகிறது. அவ்வளைவில் உள்ள நிரல்கள் படத்தில் நசுங்குகின்றன. இப்பிழையைப் படமெடுக்கும் மேசையிலேயே தீர்க்க வேண்டும் என்பதும், ஒரு படத்தை ஏற்பதற்குரிய அளவுகோல் பக்கத்தின் நடுப்பகுதியன்று, முதுகை ஒட்டிய கடைசி நிரலே என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இழப்பு எங்கே நிகழ்கிறது?

கதைநூலின் முதுகோரத்தில் சில எழுத்துகள் மங்கினால் சொல்லின் எஞ்சிய பகுதியைக் கொண்டு அவற்றை ஊகிக்கலாம். கணக்கேட்டில் அது இயலாது. மேலும், கணக்கேட்டில் இழப்பு எல்லா நிரல்களுக்கும் பொதுவாக நிகழ்வதில்லை. ஆங்கில முறையிலான பேரேட்டில் இடப்பக்கம் பற்றும் வலப்பக்கம் வரவும் எழுதப்படும்போது, இடப்பக்கத்தில் முதுகை ஒட்டி நிற்பவை தொகை நிரல்கள். வலப்பக்கத்தில் முதுகை ஒட்டி நிற்பது நாள் நிரல். ஆகவே வளைவு பற்றுகளின் தொகையையும் வரவுகளின் நாளையும் மறைக்கிறது. 1957இல் தசம நாணயம் வருவதற்கு முந்தைய ஏடுகளில் ரூபாய், அணா, பை என மூன்று நிரல்கள் இருந்தமையால், முதலில் மறைவது பையும் அடுத்து அணாவுமாகும்.

செக்ரோலில் இது வேறு வடிவம் கொள்கிறது. இடப்பக்கத்தில் தொழிலாளியின் எண்ணும் பெயரும் 1 முதல் 16 வரையிலான நாள்களும், வலப்பக்கத்தில் 17 முதல் 31 வரையிலான நாள்களும் மொத்தமும் கூலியும் அமைந்த ஓர் ஏட்டைக் கருதலாம். இங்கு மடிப்பில் விழுபவை மாதத்தின் நடுநாள்கள். இலங்கை மலையக வழக்கில் ஒரு நாள் வேலை ‘பேர்’ என்றும் அரைநாள் வேலை ‘அரைப்பேர்’ என்றும் வழங்கும். முழுப் பேருக்கு இடப்படும் ஒற்றைக் கோடு, நசுங்கிய நிரலில் அச்சுக்கோட்டோடு ஒட்டி மறைந்துவிடும். படத்தைப் படித்துப் பெயர்ப்பவர் அதனை வெற்றிடம் என்றும், அன்று ஞாயிறு அல்லது விடுப்பு என்றும் கொள்ள நேரும். படிக்க இயலாத கட்டம் ‘வேலையில்லை’ என்னும் செய்தியாக மாறிவிடுகிறது.

இரு வேறு பிழைகள்

வளைவினால் விளைவன இரண்டு பிழைகள். அவற்றின் காரணமும் தீர்வும் வேறு வேறு.

முதலாவது நிரல் நசுங்குதல். மேலிருந்து நேர்கீழாக நோக்கும் படக்கருவிக்குச் சாய்ந்த தாளின் அகலம் குறைந்தே தெரியும். எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள நாள் நிரல், அங்குலத்திற்கு 300 படப்புள்ளி என்னும் அளவில் சமதளத்தில் ஏறத்தாழ 94 புள்ளி அகலம் பெறும். தாள் 60 பாகை சாய்ந்தால் அது 47 ஆகும்; 75 பாகை சாய்ந்தால் 24 மட்டுமே எஞ்சும். பின்னர் மென்பொருளால் அந்நிரலை விரித்து 94 புள்ளியாக்கலாம். ஆனால் விரிவது பதிவான 24 புள்ளிதான். பதிவாகாத கோடு அதில் தோன்றாது.

இரண்டாவது நிரை நழுவுதல். முதுகோரத்துத் தாள் படக்கருவியிலிருந்து சற்றுத் தொலைவில் உள்ளது. தொலைவில் உள்ள புள்ளி படத்தின் மையத்தை நோக்கி நகர்ந்து தெரியும். படக்கருவி ஒரு மீட்டர் உயரத்திலும், மடிப்பு 30 மில்லிமீட்டர் ஆழத்திலும் இருப்பதாகக் கொண்டால், மையத்திலிருந்து 200 மில்லிமீட்டர் மேலே உள்ள நிரை மடிப்பருகே ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கீழிறங்கித் தெரியும். நிரைகளுக்கிடையே எட்டு மில்லிமீட்டரே இடைவெளி இருப்பின், ஒருவருடைய பேர் அடுத்தவருடைய கணக்கில் ஏறிவிடும். பக்கத்தின் கீழ்ப்பாதியில் இதுவே மேல்நோக்கி நிகழும். நீண்ட குவியத் தொலைவுள்ள வில்லையைப் பொருத்திப் படக்கருவியை இரண்டு மீட்டருக்கு உயர்த்தினால் நழுவல் 3 மில்லிமீட்டராகக் குறையும். எஞ்சியதை மென்பொருள் நேராக்கலாம். ஆனால் உயரத்தை எவ்வளவு கூட்டினாலும் நிரல் நசுங்குதல் குறையாது. அதற்குத் தாளின் சாய்வையே மாற்ற வேண்டும்.

சாய்வை மாற்றும் முறை

ஏட்டை மேசைமீது 180 பாகை விரித்து அழுத்துவது பலரும் செய்வது. இதனால் தையல் தளர்கிறது. வளைவோ முழுதும் நீங்குவதில்லை. கணக்கேடுகள் பலவும் 1799இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விற்சுருள் முதுகுக் கட்டு முறையில் அமைந்தவை. எழுதுவோர்க்கு வசதியாகப் பக்கம் மேலெழுந்து சமமாக விரிய வேண்டும் என்பதே அக்கட்டின் நோக்கம். முதுகு இறுகாத ஏடுகளில் அது இன்றும் அவ்வாறே விரியும். பல மழைக்காலங்களில் ஈரம் ஏறி உலர்ந்து பசை கெட்டிப்பட்ட ஏட்டிலோ அட்டை வளைந்து, முதுகு விரிய மறுக்கும். அதனை அழுத்தினால் முதுகு பிளக்கும்.

இத்தகைய ஏட்டை ஏறத்தாழ 100 பாகை மட்டுமே திறந்து, இரு அட்டைகளையும் சாய்பலகை அல்லது கெட்டியான பஞ்சுத் தாங்கிகள்மீது கிடத்த வேண்டும். படக்கருவியை ஒரு பக்கத்திற்கு மட்டும் செங்குத்தாக நிறுத்தி, முதலில் வலப்பக்கங்கள் அனைத்தையும், பின்னர் ஏட்டைத் திருப்பி இடப்பக்கங்கள் அனைத்தையும் எடுக்க வேண்டும். படமெடுக்கும் பக்கம் தன் அட்டையின்மீது படிந்து கிடக்க, எதிர்ப்பக்கம் எழுந்து நிற்பதால் வளைவு தையலை ஒட்டிய குறுகிய பகுதிக்குள் ஒடுங்குகிறது. விளக்குகளை ஏட்டின் தலைப்பக்கமும் அடிப்பக்கமுமாக, முதுகின் நீளத்திசையில் வைத்தல் வேண்டும். பக்கவாட்டில் வைத்தால் எழுந்து நிற்கும் பக்கத்தின் நிழல் கடைசி நிரலின்மீதே விழும்.

எழுதிய பகுதிக்குள்ளேயே தைக்கப்பட்ட ஏடுகளுக்கு இம்முறையும் போதாது. அவற்றைப் பிரிப்பதா என்பதை ஏட்டின் உரிமையாளரும் பாதுகாப்பு வல்லுநரும் முடிவு செய்ய வேண்டும். படமெடுப்போர் செய்யத்தக்கது, அக்கட்டங்களை ‘வெற்றிடம்’ என்னாமல் ‘காண இயலாதது’ எனத் தனிக்குறியால் பதிவதே.

சரிபார்த்தலும் அதன் எல்லையும்

படம் தகுதியானதா என்பதை அறிய ஏட்டின் அச்சுக்கோடுகளே அளவுகோலாகும். நாள் நிரல்கள் ஒரே அகலத்தில் அச்சிடப்பட்டவை. முதுகை ஒட்டிய நிரலின் அகலம் வெளி நிரலின் அகலத்தில் நான்கில் மூன்று பங்கேனும் இருந்தால் தாளின் சாய்வு ஏறத்தாழ 40 பாகைக்குள் உள்ளது எனலாம். அதற்குக் குறைந்தால் அப்பக்கத்தை உடனே, ஏடு மேசையில் இருக்கும்போதே மீண்டும் எடுத்தல் வேண்டும்.

நிரலின் அடியிலுள்ள கூட்டுத்தொகை கொண்டு சரிபார்த்தால் போதும் என்பாரும் உளர். விடுபட்ட எண்ணை அக்கூட்டுத்தொகை காட்டிக்கொடுக்கும் என்பது உண்மையே. ஆனால் நிரை நழுவலை அது காட்டாது. ஒருவருடைய பேர் மற்றொருவருக்குச் சென்றாலும் அந்நாளின் மொத்தம் மாறாது. அதனைக் காட்டுவது ஒவ்வொரு நிரையின் இறுதியிலும் உள்ள மாத மொத்தம் ஒன்றே.

அம்மாத மொத்தத்தைக் கொண்டு மறைந்த நாள்களை நிரப்பலாகாதா என்னும் வினா இங்கு எழும். முடிவான இடர்ப்பாடு இதில்தான் உள்ளது. 31 நாள் கொண்ட ஒரு மாதத்தில் ஒரு பெண் தொழிலாளியின் நிரையில் 16, 17 ஆகிய நாள்கள் படிக்க இயலாதவை எனக் கொள்வோம். எஞ்சிய 29 நாள்களில் 21 பேர் தெரிகிறது. எழுத்தர் இட்ட மொத்தம் 22. இரு நாள்களில் ஒன்றில் மட்டும் அவர் வேலை செய்திருப்பின் மொத்தம் சரி. இரண்டிலும் செய்திருப்பின் எழுத்தர் ஒரு பேரைக் குறைத்துவிட்டார். மொத்தத்தைக் கொண்டு நாள்களை நிரப்பும் ஆய்வாளர் முதலாவதையே உண்மை எனக் கொள்கிறார். எழுத்தரின் கூட்டலைச் சோதிக்க வேண்டிய சான்று, அக்கூட்டலிலிருந்தே உண்டாக்கப்படுகிறது.

இது ஆய்வாளர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பணித்தொடர்ச்சி தடைப்பட்டவரையும் ஓராண்டில் 240 நாள் வேலை செய்திருப்பின் அவ்வாண்டில் தொடர்பணியில் இருந்தவராகக் கொண்டது. எழுத்தரின் கூட்டலில் 238 என நிற்கும் ஓராண்டு, மடிப்பில் மறைந்த இரண்டு கோடுகளால் 240 ஆகக்கூடும். அக்கோடுகள் ஏட்டில் இருந்தும் படத்தில் இல்லையெனில், எழுத்தரின் சொல்லே வரலாறாகிவிடும்.

நிறைவாக

பக்கம்தோறும் தனித்தனியே எடுப்பதால் படங்களின் எண்ணிக்கை இருமடங்காகும் என்பதும், ஏட்டைத் தாங்கியில் பொருத்தக் கூடுதல் நேரம் ஆகும் என்பதும் மறுக்கத்தக்கனவல்ல. இடப்பக்கமும் வலப்பக்கமும் தனிப்படங்களாகும்போது, பெயர் இல்லாத வலப்பக்கத்தின் நிரைகளை நிரை எண் இட்டே இடப்பக்கத்தோடு இணைக்க வேண்டியும் வரும். ஆயின் எல்லா ஏட்டிற்கும் இவ்வுழைப்பு தேவையில்லை. நன்கு விரியும் ஏட்டை இரு பக்கமும் சேர்த்தே எடுக்கலாம். எது எவ்வகை என்பதை முதற்பகுதி, நடுப்பகுதி, கடைப்பகுதி ஆகிய மூன்று இடங்களில் முதுகோர நிரலை அளந்து முடிவு செய்யலாம். படமாக்கும் திட்டங்கள் எத்தனை பக்கம் முடிந்தது என்று கணக்குக் கொடுக்கின்றன. அவற்றோடு, முதுகோர நிரல் படிக்கத்தக்கதாக உள்ள பக்கம் எத்தனை என்பதையும் கொடுக்கக் கடமைப்பட்டிருத்தல் வேண்டும்.