குறுகிய கட்டமும் குன்றாத குரலும்

திறன்பேசி விளையாட்டுகளில் வரும் மாந்தர் பேசும்போது அவர்களின் சொற்கள் திரையில் ஒரு சிறு கட்டத்துக்குள் தோன்றுகின்றன. கட்டத்தின் அளவு பெரும்பாலும் ஆங்கில உரையாடலின் நீளத்தைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. அதே கட்டத்துக்குள் தமிழை அமைக்கும்போது எதைக் குறைப்பது, எதைக் காப்பது என்னும் வினா எழுகிறது. குறைக்கத்தக்கவை திரையில் காணப்படும் பொருள்களின் பெயர்களே. வினையின் ஈறும் விளியும் காக்கப்பட வேண்டியவை.

கணக்கில் நேரும் பிழை

ஒரு விளையாட்டில் நாயகனாகிய சிறுவன் குகை வாயிலில் நிற்கிறான் எனக் கொள்ளலாம். குகைக்குள் நுழையாதே என்னும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் 20 குறிகளில் அடங்குவதால், கட்டத்தின் எல்லையும் 20 என வைக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் 'அந்தக் குகைக்குள் போகாதே' என எழுதுகிறார். எழுத்துகளை விரல்விட்டு எண்ணினால் 12. இரண்டு இடைவெளிகளையும் சேர்த்தால் 14. எல்லைக்குள் அடங்கிவிட்டது என்றே தோன்றும்.

ஆயினும் பல நிரல்கள் எண்ணுவது எழுத்துகளை அன்று; ஒருங்குறிக் குறியீடுகளை. அம்முறையில் 'க' ஒரு குறியீடு, 'கு' இரண்டு, 'க்' என்னும் மெய்யும், புள்ளி தனிக் குறியீடாவதால், இரண்டு. இலக்கணத்தில் அரை மாத்திரை பெறும் மெய் இங்கே இரண்டு இடம் பெறுகிறது. இரண்டு மாத்திரை பெறும் 'ஆ' ஓர் இடமே பெறுகிறது. இவ்வாறு எண்ணினால் அத்தொடரின் நீளம் 24. நிரல் 20ஆம் குறியீட்டோடு அதனை வெட்டிவிட, திரையில் எஞ்சுவது 'அந்தக் குகைக்குள் போ' என்பதாகும்.

எச்சரிக்கை கட்டளையாக மாறிவிட்டது! ஆங்கிலத்தில் மறுப்புச்சொல் தொடரின் முதலில் நிற்பதால், இறுதி வெட்டுண்டாலும் மறுப்பு எஞ்சும். தமிழில் எதிர்மறை வினைப்பகுதியின் பின்னர் வருவதால், தொடரின் இறுதி போனால் பொருளும் போய்விடும். வெட்டப்பட்ட தொடரும் இலக்கணப் பிழையின்றி இருப்பதால், தமிழறிந்த ஒருவர் கதையோடு சேர்த்துப் படித்தாலன்றி இத்தவறு புலப்படாது.

ஈற்றில் வாழும் குரல்

குகை திரையிலேயே தெரிவதால் அதன் பெயரை நீக்கி, 'உள்ளே போகாதே' என 12 குறியீடுகளில் சொல்லிவிடலாம். இடச்சிக்கல் தீர்ந்தது. ஆனால், எல்லா மாந்தரும் இதையே சொன்னால் எவருக்கும் தனிக்குரல் இராது. படைத்தலைவர் 'உள்ளே செல்லாதே' என்பார். சிறுவனை வளர்த்த பாட்டி 'உள்ள போவாத ராசா' என்பார். அவனிடம் பொருள் விற்க விழையும் வணிகர் 'போகாதீங்க ஐயா' எனப் பணிவார். காவல் இயந்திரமோ 'நுழையத் தடை' என அறிவிக்கும். இவற்றின் நீளம் முறையே 14, 15, 13, 11. நான்கும் எல்லைக்குள் அடங்குகின்றன; பேசுபவர் யார் என்பதும் விளங்குகிறது.

முன்னிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று பொதுவாக ஒரு சொல்லே வழங்குகிறது. அதனால் அங்கே மாந்தரை வேறுபடுத்தச் சொற்கள் பல தேவைப்படுகின்றன. தமிழில் ஒருமையா, மரியாதைப் பன்மையா, ஏவலா, அறிவிப்பா என்பதை ஈறே காட்டிவிடுகிறது. உறவின் நெருக்கத்தை ஒரு விளி காட்டுகிறது. சுருக்கத்தின் பெயரால் ஈறுகளை ஒரே அச்சில் வார்ப்பது, இடத்தை மிச்சப்படுத்தி மாந்தரை இழப்பதாகும்.

வழக்கும் மதிப்பும்

குரலை வேறுபடுத்த வட்டார வழக்கு எளிய வழி. அதில் ஓர் இடருண்டு. அரசருக்கும் அறிஞருக்கும் எழுத்து வழக்கு, திருடனுக்கும் பணியாளுக்கும் நகைப்பூட்டுபவருக்கும் மட்டும் வட்டார வழக்கு எனப் பகுத்தால், விளையாடும் சிறுவர் அவ்வழக்கைப் பேசும் மக்களையே தாழ்வாக எண்ணப் பழகுவர். கதையில் ஒருவர் எந்த ஊரினர், யாரிடம் பேசுகிறார் என்பவையே வழக்கை முடிவு செய்ய வேண்டும். நோய் தீர்க்கும் மருத்துவரும் தம் ஊர்ப் பேச்சில் பேசலாம்.

செய்யத்தக்கது

உரையாடல்கள் வெறும் அட்டவணையாகத் தரப்படும்போது, குகை திரையில் தெரிகிறதா என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிய இயலாது. ஆகவே ஒவ்வொரு தொடருடனும் திரைப்படமும், பேசுபவர், கேட்பவர் பற்றிய குறிப்பும் தரப்பட வேண்டும். எல்லையைக் குறியீட்டு எண்ணிக்கையால் அன்றித் திரையில் எழுத்துகள் கொள்ளும் அகலத்தால் வரையறுப்பதே தமிழுக்குப் பொருந்தும். பணி முடிந்தபின் மாந்தர் பெயர்களை மறைத்துவிட்டு உரையாடல்களை ஒருவரிடம் படிக்கக் கொடுக்கலாம். பேசியவர் யார் என அவர் சொல்ல இயலவில்லை எனில், கட்டத்துள் அடங்கிய தமிழேயாயினும் அது திருத்தப்பட வேண்டியதே.